பம்புசெட்டு சாலையில் ஓடினால் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

"ஹேக் என்று நான்கெழுத்தில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜுகாடுக்குக் கொடி பிடிக்கிறது எதிரணி!" – எதிரணியின் முதல் பேச்சாளர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜுகாட் என்ற இந்திச் சொல்லுக்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லை என்பது எங்கள் அணியின் வாதம்.

ஹேக் என்றார் நண்பர். கைதட்டலும் வாங்கினார். அவரை மேற்கு உத்தரப் பிரதேசத்துக்குக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள்.

கரும்புக்காட்டு ஓரத்துச் சாலை. தூரத்தில் டக் டக் டக் என்று ஒரு சத்தம். பம்புசெட்டு ஓடுகிறது போல என்று திரும்பிப் பார்த்தால், பம்புசெட்டு உங்களை நோக்கி வருகிறது! ஆமாம், கிணற்றடியில் தண்ணீர் இறைத்த அதே ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். கீழே மரச்சட்டம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஜீப்பின் கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், அச்சு. இன்ஜின் சக்கரத்திலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பெல்ட். மேலே பலகை, பலகையில் இருபது பேர்.

இந்த இன்ஜின் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் தண்ணீர் இறைப்பதற்காகச் செய்யப்பட்டது. சாலையிலோ நிற்க வேண்டும், கிளம்ப வேண்டும், மேடு ஏற வேண்டும். அதற்குத்தான் ஜீப்பின் கியர்பாக்ஸ். ஒற்றை சிலிண்டர் என்பதால் அதிர்வு அதிகம், போல்ட்டெல்லாம் கழன்றுகொண்டே இருக்கும். சத்தத்தோடு ஒரு கடகடப்பு சேர்ந்து கேட்டால், நிறுத்தி ஸ்பேனரை எடுக்க வேண்டும். பிரேக்? அங்கேதான் ஆபத்து. ஜீப்பின் தேய்ந்த பிரேக் இருபது பேர் பாரத்தைப் பிடிக்காது. மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் ஒரு பையன் மரக்கட்டையோடு குதித்து சக்கரத்துக்கு அடியில் கொடுப்பான். நடுவர் அவர்களே, அந்தக் கட்டைதான் ஹேண்ட் பிரேக்!

நண்பர் "அதுதான் ஹேக்" என்பார். பொறுங்கள். அந்த வண்டியின் பெயர் என்ன தெரியுமா? ஜுகாட்! அங்கே "ஜுகாட்டில் ஏறி வந்தேன்" என்பார்கள். "ஹேக்கில் ஏறி வந்தேன்" என்று எந்த ஊரில் சொல்வார்கள்? பஞ்சாபில் இதற்கு மாருதா என்று செல்லப்பெயர், மாருதிக்கு அண்ணன் மாதிரி! பதிவு எண் இல்லை, காப்பீடு இல்லை. இது மோட்டார் வாகனமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் நீதிமன்றம் சொன்னது: இதுவும் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வரும், சட்டத்தை மீறி ஓட்டக்கூடாது. அது சரியான தீர்ப்பு. காப்பீடு இல்லாத வண்டியில் அடிபட்டவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

பேராசிரியர் ஐயா "இம்ப்ரொவைசேஷன்" என்றார். பாதி சரி. இருப்பதை வைத்துச் சமாளிப்பது வரைக்கும் அந்தச் சொல் வரும். அதற்கு மேல் வராது. "மேக்‌ஷிஃப்ட்" என்றால் தற்காலிகம். இந்த வண்டி வருடக்கணக்காக ஓடுகிறது.

மூன்றாவதாகப் பேசிய அக்கா, தன் ரயில் டிக்கெட் கதையைச் சொன்னார். தீபாவளி நேரம், காத்திருப்புப் பட்டியல், தெரிந்தவர் ஒருவர் மூலம் "டிக்கெட் கா ஜுகாட் ஹோ கயா", அதாவது டிக்கெட்டுக்கு வழி பண்ணியாயிற்று. எங்களை மடக்கச் சொன்ன கதை அது. ஆனால் எங்கள் பக்கம்தான் விழுந்தது, அக்கா! அங்கே இன்ஜினும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. ஆள் பிடித்துக் காரியம் முடித்ததும் ஜுகாட். சிபாரிசும் ஸ்பேனரும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. செய்கிறவன் ஜுகாடு. "ஜுகாட் கரோ" என்றால் செயல். பொருள், வழி, ஆள் எல்லாம் ஒரே வேரில். ஆங்கிலத்தில் இதற்கு நாலு சொல் எடுக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியும் ஜுகாடை அப்படியே சேர்த்துக்கொண்டது. "அப்போது அது ஆங்கிலச் சொல்தானே?" என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன் வாங்கிய சொல் எந்த நாளில் வீட்டுச் சொல்லாகிறது என்பதை நடுவர்தான் தீர்க்க வேண்டும்.

எனக்கு அகராதியைவிட டெல்லியின் லேபர் சௌக் பெரிது. விடியற்காலையில் கூலி வேலைக்கு ஆள் நிற்கும் முச்சந்தி. கையில் கொத்தனார் கரண்டி, தோளில் துண்டு. யாராவது கூப்பிட்டால் அன்றைக்குக் கூலி. பத்து மணிக்கு மேல் கூப்பிட ஆள் வராது. சிலர் அப்படியே வீட்டுக்கு நடப்பார்கள். வேலை கிடைத்தவன் சாயங்காலம் மாவுப் பையோடு வாசலில் நின்று சொல்வான்: "ரோட்டி கா ஜுகாட் ஹோ கயா." உள்ளே பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள்.

நண்பரே, அந்த வாசலில் நின்று உங்கள் நான்கெழுத்தைச் சொல்லிப் பாருங்கள்.