பதில் வராத பத்தாம் நாள்

(மன்னார்குடியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் மனநல ஆலோசகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்த ஊர், தஞ்சாவூரில் வேலை. அவளுடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் வேலை செய்யும் ஒருவரோடு ஐந்து மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பிடித்திருந்தது; வீட்டில் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை இரவு அவர், "சரி, நாளைக்குப் பேசலாம்" என்று எழுதினார். அந்த நாளை வரவே இல்லை. சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. இதைத்தான் இளைஞர்கள் 'கோஸ்டிங்' என்கிறார்கள்.

அவள் வந்தது பத்தாம் நாள். போனை என் மேசைமேல் வைத்து விரலால் தள்ளிக் காட்டினாள். வலது பக்கம் மட்டும் வரிசையாகச் செய்திகள்: நாற்பத்தொன்று. முதலில் "சாப்பிட்டீர்களா?" அப்புறம் "உடம்பு சரியில்லையா?" அப்புறம் "நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?" கடைசியில் "மன்னித்துவிடுங்கள்". எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். "தெரியவில்லை சார்" என்றாள்.

ஆளே காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது ஆபத்து ஏதும் உண்டா என்பதைத்தான். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் நின்றால் போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், நம்மைத் தடுத்தும் வைத்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று அந்த டிக்கை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு சாம்பல் டிக் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நீல நிறம் வராததால் அவர் படிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வசதியை நிறுத்தி வைக்க முடியும். இந்தப் பெண்ணின் நாற்பத்தொன்றும் இரண்டு சாம்பல் டிக். ஆகவே இருவருக்கும் தெரிந்த ஒரு நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "அவர் நலமாக இருக்கிறாரா?" அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், தூதும் வேண்டாம். நலமாக இருக்கிறார், வேலைக்குப் போய் வருகிறார் என்று பதில் வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

பிறகு இருவருமாக உட்கார்ந்து ஒரு செய்தி எழுதினோம். அதை அப்படியே படிக்கிறேன்: "பத்து நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். தொடர்ந்து பேச எனக்கு விருப்பம்தான். உங்களுக்கு இல்லையென்றால் 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும், காரணம் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன்."

இதில் 'ஏன்' என்ற சொல் இல்லை. அதை எடுத்துவிடத்தான் அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. காரணம் தெரியாமல் எப்படித் தூங்குவது என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லாமல் ஒதுங்கும் பலர், முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லும் சங்கடத்துக்குப் பயந்தே ஒதுங்குகிறார்கள். அவர்களிடம் காரணமும் கேட்டால் சங்கடம் இரட்டிப்பாகிறது. வரவிருந்த ஒரு சொல்லும் வராமல் போகிறது. அப்படியே காரணம் வந்தாலும் அது பெரும்பாலும் வாய்க்கு வந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

கெடு எதற்கு என்றும் கேட்டாள். அவள் அப்பா கடைமடை விவசாயி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால்தான் குறுவை. திறக்காத ஆண்டில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். "சம்பாவுக்குப் போய்விடுவார். அதற்கும் தண்ணீர் தாமதமானால் நீண்ட நாள் ரகத்தை விட்டுவிட்டுக் குறைந்த நாள் ரகம் விடுவார்" என்றாள். அந்த முடிவை எந்தத் தேதியில் எடுப்பார்? ஐப்பசி அடைமழைக்குள் பயிர் எழுந்து நிற்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் வேண்டும் என்று பின்னோக்கி எண்ணித்தானே எடுப்பார்? தண்ணீர் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. தன் பயிரின் நாள்கணக்கு அவர் கையில் இருக்கிறது. அவளுக்கும் அடுத்த புதன்கிழமை துறைத் தேர்வு இருந்தது. படிக்க இரண்டு நாளாவது வேண்டும். அப்படி வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு போயிற்று. பதில் இல்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது பெற்றுப் பழகிய புறாவோ, நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். விடுவதற்கு முன் சற்று நேரம் முன்னைவிட வேகமாகக் கொத்துவதும் உண்டு.

அவளுக்கும் அந்த வேகம் வந்தது. செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு என்னை அழைத்து, "சார், ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பட்டுமா?" என்றாள். அந்தத் தவிப்பைக் காதலின் ஆழம் என்று அவள் நினைத்தாள். பழக்கம் அறுபடும் நேரத்து வேகம் அது. இன்று தீனி போட்டால் நாளைக்கு இன்னும் கூடும், போடாவிட்டால் தணியும் என்று சொன்னேன். எழுத வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். அவருடைய உரையாடலை ஆர்க்கைவுக்கு அனுப்பி, ஸ்டேட்டஸை மியூட் செய்துவிட்டாள். கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தார் என்று பார்ப்பதும் கொத்துவதுதான் என்பதை அவளே கண்டுகொண்டாள்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக இங்கே இருக்கும் தம்பிகளுக்கு. உங்கள் பேச்சாலோ கோபத்தாலோ பயந்து ஒருத்தி மௌனமானால், அந்தக் கடைசிச் செய்தியைக்கூட அனுப்பாதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். வேறு எண்ணிலிருந்து அழைப்பது, அவள் வேலை செய்யும் இடத்தில் போய் நிற்பது எல்லாம் அந்தப் பாதையில்தான் கொண்டுபோய் விடும். யாராக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அல்லது உயிரை விடும் எண்ணம் ஒரு முறை வந்தாலும், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழில் பேசலாம்.

இருபத்துமூன்றாம் நாள் அவர் வந்தார். "ஹாய், எப்படி இருக்கீங்க?" என்று, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. இப்படி இடையில் வந்து விழும் ஒரு வரி முழு மௌனத்தைவிடக் கெடுதல்; ஏன் என்பது அந்தப் புறாவை நினைத்தால் விளங்கும். அவள் உடனே பதில் போடவில்லை. ஒரு இரவு கழித்து எழுதினாள்: "நலம். இத்தனை நாள் என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்." இப்போது கேட்கலாம், திரும்பி வந்தவர் அவர். வீட்டில் ஒரு சாவு, வேலை பறிபோனது, மனம் ஒடிந்து கிடந்தேன் என்று விவரமாகச் சொல்லியிருந்தால் யோசிக்க இடம் இருந்தது. "கொஞ்சம் பிசி" என்று வந்தது. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அவள் அந்தப் போனை மறுபடி என் மேசைமேல் வைத்துக் காட்டினாள். அந்தச் சிரிப்புப் பொம்மைக்குக் கீழே அவள் எழுதிய ஒரு வரி இருந்தது: "சரி, நல்லா இருங்க." "அப்பா நாற்றங்கால் விட்டிருக்கிறார், சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.