ஷிப்டில் செய்த வேலை புரொஃபைலில் சாதனையாவது எப்படி

அனைவருக்கும் வணக்கம். கடைகளிலும் பேரங்காடிகளிலும் ஓட்டல்களிலும் சில ஆண்டுகளாக ஷிப்டில் நின்று வேலை பார்த்து, அடுத்ததாகச் சூப்பர்வைசர் பொறுப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்கள் புரொஃபைலில் பணி அனுபவம் என்ற பகுதி இருக்கிறதல்லவா, அதில் எழுதும் ஓரிரு வரிகளைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன்.

அந்தப் பகுதியில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இது: "வாடிக்கையாளர்களுக்கு உதவினேன், பில்லிங் பார்த்தேன், சரக்கு அடுக்கினேன்." இவை உண்மையே. ஆனால் அந்த வேலையில் இருந்த அனைவரும் செய்தவை. தேர்வு செய்பவருக்கு உங்கள் பதவியின் பெயரைப் படித்ததுமே தெரிந்துவிடுபவை. இன்னொரு வகையினர் "மாதத்தின் சிறந்த விற்பனையாளர்" என்று எழுதுகிறார்கள். அது மதிக்கத்தக்கது, ஆயினும் நீங்கள் நன்றாக விற்பவர் என்பதைத்தான் அது காட்டுகிறது. சூப்பர்வைசரைத் தேடுபவரின் மனதில் இருக்கும் கேள்வி வேறு. ஒரு குறை கண்ணில் பட்டால் இவர் அதைத் தன் கையால் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவாரா, அல்லது அது மறுபடி வராதபடி மற்றவர்களையும் ஒரு முறைக்குள் கொண்டுவருவாரா என்பதே அந்தக் கேள்வி. இந்த இரண்டாவதற்குச் சான்று உங்கள் அன்றாட வேலைக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு பேரங்காடியில் பால் பொருட்கள் பிரிவில் வேலை செய்யும் பணியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். புதிய சரக்கு வந்ததும் அவசரத்தில் அதை முன்வரிசையில் அடுக்கிவிடுகிறார்கள். பழைய தேதியிட்ட பாக்கெட்டுகள் பின்னால் ஒதுங்கி, காலாவதியான பிறகுதான் கையில் படுகின்றன. இதைக் கவனித்த அவர், மேலாளரிடம் அனுமதி பெற்று ஒரு சிறு நடைமுறையைத் தொடங்குகிறார். மாலை ஷிப்டில் ஒருவர் அலமாரியைத் தட்டு தட்டாகப் பார்க்க வேண்டும். காலாவதிக்கு இரண்டு நாள் மட்டுமே மிச்சமிருக்கும் பாக்கெட்டுகளில் விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டி முன்னால் கொண்டுவர வேண்டும். பார்த்தவர் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். வேலை இவ்வளவுதான், இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இதிலிருந்து சாதனையை எழுத முதலில் தேவைப்படுவது தொடங்குவதற்கு முந்தைய நிலை. பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். மாற்றம் வந்த பிறகு எண்ணத் தொடங்குகிறார்கள். ஒப்பிட எதுவும் இருப்பதில்லை. நல்ல வேளையாக, கடைகளில் கழிவுப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். காலாவதியாகி எறியப்பட்டவை அதில் ஏறியிருக்கும். மேலாளரிடம் கேட்டு அதைப் பார்க்கலாம். நம் பணியாளர் பார்த்தபோது, தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் எறியப்பட்ட பாக்கெட்டுகள் முறையே 40, 46, 38, 44. வாரச் சராசரி 42. தொடங்கிய பின் நான்கு வாரங்களில் 30, 27, 24, 27. சராசரி 27. கழிவு 36 சதவீதம் குறைந்துவிட்டது என்று உடனே எழுதத் தோன்றும்.

அவசரப்படக்கூடாது. இங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த வாரங்களில் சரக்கு எவ்வளவு வந்தது? கடைக்கு வரும் சரக்கே குறைந்திருந்தால், எறிவதும் தானாகக் குறையும். நம் எடுத்துக்காட்டில் முதல் நான்கு வாரங்களில் வாரத்துக்கு 2,100 பாக்கெட்டுகள் வந்தன. பிந்தைய நான்கு வாரங்களில் 1,800 மட்டுமே வந்தன. 2,100-இல் 42 என்பது 2 சதவீதம். 1,800-இல் 27 என்பது 1.5 சதவீதம். ஆகவே உண்மையான குறைவு கால் பங்குதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பது சரக்கு வரத்து குறைந்ததையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட எண். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்தத் தொழிலில் ஊறியவர்; "அந்த மாதம் வரத்து எப்படி இருந்தது?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வியில் 36 சதவீதம் நொறுங்கிவிடும், அதோடு புரொஃபைலில் உள்ள மற்ற எண்களின் மீதும் அவருக்கு ஐயம் வந்துவிடும். கால் பங்கு என்று எழுதியவரோ, அதே கேள்விக்கு வரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதை விளக்குவார். அந்த விளக்கம் அவருக்கே சாதகமாகும், ஏனெனில் எண்களைச் சரிபார்க்கும் பழக்கம் சூப்பர்வைசருக்கு அன்றாடம் தேவைப்படுவது. விடுமுறைக் கூட்டம் இருந்த வாரங்களையும் இதுபோலவே கவனிக்க வேண்டும். கூட்டம் மிகுந்த வாரத்தில் எல்லாமே விற்றுத் தீர்ந்திருக்கும், அதை நம் நடைமுறையின் பலனாகக் கொள்ள முடியாது.

அடுத்த சோதனைதான் இந்த உரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. நீங்கள் வாரவிடுப்பில் இருந்த நாட்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். நீங்கள் இருந்த நாட்களில் மட்டும் ஒழுங்காக நடந்து, இல்லாத நாட்களில் நின்றுபோயிருந்தால், அது உங்கள் தனிப்பட்ட உழைப்பின் சான்று. நீங்கள் இல்லாதபோதும் நடந்திருந்தால்தான் அது மேற்பார்வைத் திறனின் சான்று. இதைப் பார்க்கும்போது ஒரு நுணுக்கத்தை மறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்ட பாக்கெட், செவ்வாய்க்கிழமைதான் கழிவுப் பதிவேட்டில் ஏறும். எறிந்த நாளை வைத்துப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை ஷிப்டில் இருந்தவர்மீது பழி விழும். ஆகவே கையெழுத்துத் தாளை எடுத்து, எந்த நாளில் சோதனை விடுபட்டது என்று பார்க்க வேண்டும். நம் பணியாளர் அப்படிப் பார்த்தபோது, முதல் வாரத்தில் தன் விடுப்பு நாட்கள் இரண்டிலும் கையெழுத்து இல்லை என்று கண்டார். அந்த வாரத்தின் எண் 30 ஆக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கேட்டபோது, எதிர் ஷிப்டில் இருந்தவர்களுக்கு ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திருக்கவில்லை. ஸ்டிக்கர் சுருளை அலமாரியின் பக்கவாட்டிலேயே தொங்கவிட்டு, நான்கு பேருக்கு ஒருமுறை உடன் நின்று செய்துகாட்டினார். அதன்பின் விடுப்பு நாட்களிலும் கையெழுத்துகள் விழுந்தன. இந்தச் சிறிய திருத்தம் சாதனையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தேர்வு செய்பவருக்கு இதுவே மையம்.

இப்போது எழுதிப் பார்ப்போம். "காலாவதிக் கழிவைக் குறைத்தேன்" என்பது முதல் வரைவு, எதையும் நிறுவவில்லை. "கழிவை 36 சதவீதம் குறைத்தேன்" என்பது இரண்டாவது. எண் இருக்கிறது, ஆனால் நிற்காது. மூன்றாவது வரைவு இப்படி அமையலாம்: "பால் பொருட்கள் பிரிவில் மாலைநேரத் தேதிச் சோதனையைத் தொடங்கி, இரு ஷிப்டுகளிலும் 4 பேரைப் பழக்கினேன், முந்தைய நான்கு வாரங்களோடு ஒப்பிட, காலாவதிக் கழிவு சரக்கு வரத்தில் 2 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. என் விடுப்பு நாட்களிலும் சோதனை தொடர்கிறது." இதில் தொடங்கியதும் பழக்கியதும் அவர் செய்தவை, அதனால் "பழக்கினேன்" என்கிறார், கழிவு "குறைந்தது" என்கிறார், ஏனெனில் விலையைக் குறைக்க அனுமதி தந்தவர் மேலாளர், ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் நான்கு பேர். பங்கை இப்படிப் பிரித்துச் சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது. குழுவை வைத்து வேலை வாங்கியவர் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எண்ணை எழுதும்போது ஓர் எல்லையைக் காக்க வேண்டும். கடையின் விற்பனைத் தொகை, லாப விவரம், உள் அறிக்கையின் படம் ஆகியவற்றை எவரும் பார்க்கக்கூடிய புரொஃபைலில் போடக்கூடாது. சதவீதமும் ஆட்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் போதும். அவையும் வெளியில் சொல்லத்தக்கவையா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதேபோல், ஷிப்டுக்குப் பொறுப்பாக எப்போதாவது நிறுத்தப்பட்டிருந்தால், பதவிப் பெயரை மாற்றிக்கொள்ளாமல், "சூப்பர்வைசர் இல்லாத நாட்களில் ஷிப்ட் பொறுப்பு" என்று நடந்தபடியே எழுதுங்கள்.

ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்குக் கழிவுப் பதிவேடு இராது. ஆனால் அறை தயாராகாமல் விருந்தினர் முகப்பில் காத்திருக்கும் சிக்கல் நன்கு தெரியும். முன்கூட்டி வருபவர்களின் பட்டியலைக் காலையிலேயே அறைப் பராமரிப்புக் குழுவிடம் கொடுத்து, எந்த அறைகளை முதலில் முடிக்க வேண்டும் என்று சேர்ந்து முடிவுசெய்யும் வழக்கத்தை ஒருவர் கொண்டுவந்தால், அறை தரும் நேரத்துக்குப் பிறகும் காத்திருந்தவர்கள் நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதே அவருடைய அளவு. இங்கே வரத்தின் இடத்தில் அன்று வந்த விருந்தினர் எண்ணிக்கை நிற்கும். ஓட்டல் பாதி காலியாக இருந்த வாரத்தை நிரம்பிய வாரத்தோடு ஒப்பிடக்கூடாது. இரு துறைகளுக்கிடையே ஒத்துழைப்பை உண்டாக்கியது கடை எடுத்துக்காட்டில் இல்லாத கூடுதல் வலு, அதை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வையுங்கள்.

எல்லாச் சாதனைக்கும் எண் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோபத்தோடு வந்த வாடிக்கையாளரை அமைதிப்படுத்தியதற்கு எண் தேடி அலைய வேண்டாம். அந்தப் புகாருக்குப் பின் எந்த நடைமுறை மாறியது என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். எதுவும் மாறவில்லையென்றால், அது நேர்காணலில் சொல்லவேண்டிய நிகழ்வு, புரொஃபைலில் அதற்கு இடமில்லை.

இதற்கெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் தேதி, கவனித்த குறை, செய்த மாற்றம், யாருக்குக் காட்டிக்கொடுத்தோம், அன்றைய எண் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டாம். எட்டு வாரம் கழித்து வாக்கியத்தை எழுதியதும், வெளியிடுவதற்கு முன் உங்கள் மேலாளரிடம் ஒருமுறை படித்துக்காட்டுங்கள். அவர் ஒரு சொல்லைத் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். புதிய நிறுவனத்திலிருந்து உங்களைப் பற்றி விசாரித்து அழைப்பு வரும்போது, அந்த வாக்கியத்தை உறுதிப்படுத்தவேண்டியவர் அவர்தான்.