மீமுக்கு உதடு மூட வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

நேயர்களே, இந்த ஸலாமிலிருந்தே தொடங்குகிறேன். 'அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! அவசரத்தில் சொல்லும்போது அந்த 'கும்' என்கிற இடத்தில் உங்கள் உதடு இரண்டும் ஒட்டுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். பலருக்கு ஒட்டாது. 'அலைக்கூ வரஹ்மத்' என்று மூக்கில் ஒரு சத்தம் மட்டும் போகும், மீம் காணாமல் போய்விடும். இன்றைக்கு நான் பேச வந்ததும் அந்த மீமைப் பற்றித்தான். சுகூன் உள்ள மீம், அதாவது தமிழில் புள்ளி வைத்த 'ம்' மாதிரி நிற்கிற மீம்.

குர்ஆன் ஓதும்போது அதற்குப் பிறகு என்ன எழுத்து வருகிறது என்பதைப் பார்த்து மூன்று விதமாக ஓத வேண்டும். பா வந்தால் இக்ஃபா, இன்னொரு மீம் வந்தால் இத்காம், மற்ற 26 எழுத்தில் எது வந்தாலும் இழ்ஹார், அதாவது மீமைத் தெளிவாக வெளிப்படுத்தி ஓதுவது. மதரஸாவில் பிள்ளைகள் இந்த வரிசையில்தான் பாடமாக்குவார்கள். நான் தலைகீழாக, இழ்ஹாரிலிருந்து வருகிறேன். தமிழ் பேசுகிற நமக்கு அதிகம் பிழைப்பது அங்கேதான் என்பது என்னுடைய பல வருட அனுபவம்.

ஏன் தெரியுமா? நம் தமிழில் 'ம்' மிகவும் இணங்கிப் போகிற எழுத்து. மரம், 'கள்' சேர்ந்தால் மரங்கள் ஆகிவிடுகிறது. பழம், 'தான்' சேர்ந்தால் பழந்தான். பக்கத்து எழுத்துக்கு ஏற்றமாதிரி 'ம்' உருவத்தை மாற்றிக்கொள்கிறது. தமிழுக்கு அது சரி, அழகும்கூட. அரபியில் அப்படி மாறுகிற வேலை நூனுக்குத்தான். 26 எழுத்துக்கு முன்னால் மீம் மீமாகவே நிற்க வேண்டும். நம் நாக்குக்கு அது தெரியாது. தமிழில் பழகியதையே அங்கேயும் செய்துவிடும்.

மாளிகாவத்தையில் என்னிடம் ஓத வந்த ஒரு நானா, த்ரீவீலர் ஓட்டுபவர், வயது அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் மனனமாக்கிய ஃபீல் சூராவை ஓதிக் காட்டினார். முதல் சொல்லே 'அலன் தர' என்று வந்தது. "நானா, அலம் தர" என்றேன். "அதத்தானே மௌலவி ஓதுறன்" என்றார். திரும்ப ஓதினார், திரும்பவும் 'அலன் தர'. அவருக்கு மனதில் மீம்தான் இருக்கிறது, காதுக்கும் மீமாகவே கேட்கிறது. நான் எத்தனை தடவை சொன்னாலும் பிடிபடவில்லை. கடைசியில் வெளியே நின்ற அவருடைய த்ரீவீலருக்கே போனோம். "பக்கக் கண்ணாடியில உதட்டப் பாத்துக்கொண்டு ஓதுங்க நானா" என்றேன். ஓதினார். உதடு ஒட்டவே இல்லை. 'ல'வுக்குப் பிறகு நாக்கு நேராகப் பல்லுக்குப் போய்விட்டது. அவரே பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், வாய் மூடல்லயே" என்றார்.

இது சின்ன விஷயமில்லை. 'அலம் தர' என்றால் 'நீர் பார்க்கவில்லையா' என்று அர்த்தம். 'லம்' நடந்து முடிந்ததை மறுக்கிற சொல், 'லன்' இனி நடக்கப்போவதை மறுக்கிற சொல். மீமை நூனாக்கினால் சொல்லே மாறிப்போகிறது. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்குவதைத் தஜ்வீதில் லஹ்ன் ஜலீ, வெளிப்படையான பிழை என்பார்கள்.

கண்ணாடி பார்க்கப் பழகிய பிறகு நானா அடுத்த பிழைக்குப் போனார். அதுவும் எல்லாருக்கும் வருவதுதான். மீமை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் 'அலமு தர' என்று உதட்டை உதறித் திறந்தார். 'அல்ஹமுது' என்று ஓதுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள், அதே பிழைதான். மூடிய உதடு நேராக அடுத்த எழுத்துக்குத்தான் திறக்க வேண்டும். நடுவில் 'உ' வரக் கூடாது, மூக்கில் இழுக்கவும் கூடாது.

அதே சூராவை இப்போது என்னோடு கூடவே மனதில் ஓதி வாருங்கள். ஆறு இடத்தில் இந்த மீம் வருகிறது. அலம் தர, அலம் யஜ்அல், கைதஹும் ஃபீ, அலைஹிம் தைரன், தர்மீஹிம் பிஹிஜாரதின், ஃபஜஅலஹும் கஅஸ்ஃபின். ஐந்து இழ்ஹார், ஒன்றே ஒன்று இக்ஃபா. 'அலைஹிம் தைரன்' 'அலைஹின்' ஆகிறதா, 'ஃபஜஅலஹும்' மரங்கள் மாதிரி 'ஃபஜஅலஹுங்' ஆகிறதா என்று பாருங்கள்.

'கைதஹும் ஃபீ' தனியாகச் சொல்ல வேண்டிய இடம். ஃபா மேல்பல் கீழ் உதட்டில் படுகிற எழுத்து. பல் முந்திக்கொண்டு இறங்கினால் உதடு சேராமலே மீம் போய்விடும். முதலில் இரண்டு உதடும் சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் பல். வாவும் இப்படித்தான், அது உதட்டிலேயே பிறக்கிற எழுத்து. ஃபாத்திஹாவின் கடைசியில் 'அலைஹிம் வலள்ளால்லீன்', தொடக்கத்தில் சொன்ன ஸலாம், எல்லாம் ஒரே கதை. ஹிஜ்ரி 1198-இல் ஜம்ஸூரி எழுதிய தஜ்வீத் பாடலான துஹ்ஃபதுல் அத்ஃபாலில் வாவையும் ஃபாவையும் மட்டும் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறார்.

இனி 'தர்மீஹிம் பிஹிஜாரதின்'. பாவும் உதட்டு எழுத்துதான். அதனால் இங்கே மீமை அழுத்தி மூடாமல், உதட்டை மெல்லப் படவிட்டு, குன்னா என்கிற மூக்கொலியை நிறுத்துகிறோம், இரண்டு விரலை ஒன்றன்பின் ஒன்றாக மடக்குகிற நேரம். நாம் 'சம்பல்' என்கிறபோது வருகிற 'ம்ப' இதற்கு உதவாது, அது இறுக்கமானது, குறுகியது. நான் பஸ் டிக்கட் ஒன்றை உதட்டுக்கு நடுவில் பிடிக்கச் சொல்வேன். மெல்ல இழுத்தால் டிக்கட் கிழியாமல் வழுக்கி வர வேண்டும், அந்த அளவு. உதட்டுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி விட வேண்டும் என்று கற்பிக்கிற காரிகளும் உண்டு. நான் ஓதிய முறை மெல்லப் படுவதுதான், உங்கள் உஸ்தாத் சொல்லித் தந்ததை மாற்றச் சொல்லவில்லை. குன்னா வருகிறதா என்று பார்க்க மூக்கைப் பிடியுங்கள். சத்தம் நின்றால் குன்னா இருக்கிறது.

இத்காமுக்கு நிறைய நேரம் வைத்திருந்தேன், இங்கே கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த சூராவான குரைஷில் 'அத்அமஹும் மின் ஜூஇன்', 'ஆமனஹும் மின் கவ்ஃப்' இரண்டும் இத்காம். இரண்டு மீமும் ஒன்றாகி ஷத்து உள்ள ஒரே மீம், உதடு நன்றாக மூடி, அதே அளவு குன்னா. 'அத்அமஹு மின்' என்று ஒரு மீமோடு ஓடிப்போகிறவர்கள் அதிகம்.

வீட்டில் மதீனா அச்சு முஸ்ஹஃப் இருந்தால் மீமின் தலையைப் பாருங்கள். சுகூன் அடையாளம் இருந்தால் இழ்ஹார். அடையாளமே இல்லாமல் அடுத்த மீமில் ஷத்து இருந்தால் இத்காம். அடையாளமும் இல்லை, அடுத்து வருகிற பாவில் ஷத்தும் இல்லை என்றால் அது இக்ஃபா.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.