பாலாடைக்கட்டியும் பைபிளும்

வணக்கம் நேயர்களே. என் தந்தையார் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். மாலையில் வீடு திரும்பினால் அவர் விரல் நுனிகளில் ஈயக் கருமை இருக்கும். எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும், யார் எழுதியது என்று அவர் பார்ப்பதில்லை. எழுத்து எத்தனை பாயிண்ட் என்றுதான் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அதனால் பாதிரிமார்கள் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னால், நான் எழுத்தின் அளவைப் பற்றித்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அதைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் எட்டு ஆண்டுகள் கழித்துப் புன்னைக்காயலில் அடியார் வரலாற்றையும் அச்சிட்டார். அதற்குப் பிறகும் சில நூல்கள் வந்தன. ஆனால் அந்த முயற்சி தொடர்ந்து வேர்விடவில்லை. என் கதை அன்று டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடியில் தொடங்குகிறது.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்துவிட்டார். ஏட்டில் படியெடுத்தால் எத்தனை படி தேறும்? அச்சுதான் வழி. லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறியை அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். பொறி மட்டும் மீட்கப்பட்டு ஒருவழியாகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. இயக்குவதற்கு ஆள்? டேனியக் கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்தது. பிழைத்தார்கள்.

அந்தப் பொறியோடு வந்தவை போர்த்துக்கீசிய மொழிக்கான ரோமன் எழுத்துகள். தமிழ் எழுத்து 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தது. இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து அங்கே வார்த்தவை. இதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது: அவை பெரிய எழுத்துகள், மிகப் பெரியவை!

உங்கள் உள்ளங்கையில் விரலால் 'ண' எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி! சிறிதாக வார்த்தால் அந்தச் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும், ணகரம் கரிப்பொட்டாகிவிடும். தமிழ் பழகாத கைக்குப் பெரிதாக வெட்டுவதே எளிது. ஆனால் எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் ஒரே தாளில் நான்கு மடங்கு செய்தி அடங்கும். பெரிய எழுத்தென்றால் தாள் கரையும். தாளோ கடல் கடந்து வரவேண்டும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து உணவுக்காக அனுப்பப்பட்ட பாலாடைக்கட்டி, அதாவது சீஸ், கெடாமலிருக்க ஈய உறையிட்டு வந்தது. கட்டியைச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள். வார்த்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி அட்லர். தனி ஈயம் மென்மையானது, எழுத்தின் முகம் விரைவில் தேய்ந்துவிடும் என்று என் தந்தையார் சொல்லுவார். பரவாயில்லை, எழுத்துச் சிறிதானது, தாள் மிஞ்சியது. நற்செய்திகள் 1714இல், மீதி 1715இல் என்று புதிய ஏற்பாடு முடிந்தது. திரும்பவும் சொல்கிறேன்: சமயம் பரப்ப வந்தவர்களைத் தமிழ் எழுத்து வார்க்கும் தொழிலுக்குத் தள்ளியது தாளின் விலை. பொறையாறில் காகித ஆலை வைத்ததும் அதனால்தான்.

இன்னொன்று. ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். 'க' என்று இருந்தால் அது 'க'வா 'க்'கா என்பதை வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். தாளுக்குப் பொத்துக்கொள்ளும் பயமில்லை. ஆனாலும் தொடக்ககால அச்சுநூல்கள் ஏட்டைப் பார்த்தே புள்ளியில்லாமல் வந்தன. பொறி மாறியது, பழக்கம் மாறவில்லை. அது மாற நெடுங்காலம் ஆயிற்று. இதைப் பற்றி...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையசைக்கிறார்கள். வேப்பேரியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்து வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிசியுசிடம் கொடுத்தார்கள். அரசாங்க வேலையை முதலில் முடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1812இல் திருக்குறளே சென்னையில் அச்சேறிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அவரே 1849இல் சென்னைக்கு வந்து ஓர் அச்சுப்பொறி வாங்கி, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோனார். அதில் அவர் சைவ நூல்களை அச்சிட்டார். பாதிரிமாருக்குப் பதில் சொல்லும் கண்டனங்களையும் அச்சிட்டார். நேரமாகிவிட்டது. வணக்கம்.