நடைக்குப் பின் வரும் பசி

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சி தொடங்கிய சில வாரங்களில், "முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது, எடையோ அசையவே இல்லை" என்று சொல்பவர்கள் பலர். அந்தப் பசி கற்பனையன்று. கடுமையாக ஓடி முடித்த உடனே, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சற்று நேரம் தணிந்திருக்கும். ஆனால் நாள்தோறும் செலவு வரவை மிஞ்சும்போது, கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைந்து, இருப்பு கரைகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. காலையில் எழும்போதே பசி கூடியிருப்பது அதன் விளைவுகளில் ஒன்று.

2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் கொண்ட 35 பேர் 12 வாரங்கள் மேற்பார்வையில் ஒரே அளவு கலோரியைப் பயிற்சியால் செலவிட்டனர். ஒரு பிரிவினருக்குச் சராசரியாக 6.3 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 1.5 கிலோ மட்டுமே. குறைவாக இளைத்தவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தனர். விருந்துண்ண வேண்டியதில்லை, இவ்வளவு சிறிய கூடுதலே போதும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

65 கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் விரைந்து நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தபின், ஏறத்தாழ 150 கலோரிதான் மிஞ்சும். நடைப்பயிற்சி நண்பர்களோடு கடையில் நின்று இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட காபியும் முடித்தால், நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்து, மேலும் நூறு கலோரிக்குக் குறையாமல் கூடிவிடும். அதன்பின் வீட்டில் வழக்கமான நான்கு இட்லி வேறு காத்திருக்கிறது. வடையை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "நடந்துவிட்டோமே" என்ற எண்ணம் அதற்கு முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகிறது. என் பார்வையில், ஹார்மோனைவிட இந்த அனுமதியே பெரிய எதிரி.

ஆகவே பயிற்சிக்கென்று புதிதாக ஒரு வேளை உணவை உண்டாக்காமல், காலைச் சிற்றுண்டிக்குச் சற்று முன்பே நடை முடியுமாறு நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. அந்தச் சிற்றுண்டியில் ஓர் இட்லியைக் குறைத்து, வேகவைத்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால், பதினொரு மணிப் பசி தள்ளிப்போகும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களில் பலருக்கு உணவுக்கு முன் பசி கூடினாலும், சாப்பிட்டபின் வயிறு முன்பைவிட நன்றாக நிறைவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே வழக்கமான அளவையே பரிமாறிக்கொண்டு, பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் பசித்தால் வாங்கிக்கொள்ளலாம். வேளைகளுக்கு இடையே வாயில் போட்டதை மட்டும், குழந்தையின் தட்டில் மிஞ்சியது உட்பட, ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எடையை அன்றாடம் பார்த்துக் கலங்க வேண்டாம். தசையில் நீர் தங்குவதால் தொடக்கத்தில் அது ஏமாற்றும். நான்கு வாரம் கழித்தும் எடையும் இடுப்பளவும் மாறாவிட்டால், ஈடுசெய்து உண்கிறோமா என்று அந்தக் குறிப்பில் தேடலாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நடையின்போதோ பின்போதோ நடுக்கம், வியர்வை, படபடப்போடு பசி வந்தால் அது வேறு; இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். அவர்கள் பொறுத்திருக்காமல் உடனே இனிப்பான ஏதேனும் உட்கொண்டு, மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும்.