பில்லுல ஒரு திகதி, ரிசல்ட்ல ஒரு திகதி

கேள்வி: "அக்கா, நான் ஹட்டன்ல ஒரு கம்பனில எக்கவுண்ட்ஸ் வேலை. ஏ.சி.சி.ஏ. செப்டம்பர் பேப்பருக்கு ஜூலை 20 பீஸ் கட்டினேன். ஒக்டோபர் 13 பாஸ் ரிசல்ட் வந்துச்சு. அன்னைக்கே ரிசல்ட்டையும் சேர்த்து, கட்டின பீஸக் கம்பனிகிட்டத் திரும்பக் கேட்டு கிளெய்ம் போட்டேன். பில் 60 நாள் தாண்டிருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காசு போனதுதானா?"

போகல தங்கச்சி. இந்தக் கேள்வியப் படிச்சதுலருந்து எனக்கு மனசே ஆறல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு பேப்பர எடுத்து எண்ணிப் பாருங்க. ஜூலை 20லருந்து 60 நாள்னா செப்டம்பர் 18ல முடியுது. அப்ப நீங்க சோதனையே எழுதி முடிச்சு ரெண்டு கிழமைதான் ஆயிருக்கும். ரிசல்ட் வந்தது 85ஆவது நாள். பாஸ் ரிசல்ட் இல்லாம கிளெய்ம் எடுக்க மாட்டாங்க. ரிசல்ட் வர்றதுக்குள்ள நாள் முடிஞ்சிடுது. அப்ப செப்டம்பர் பேப்பர் எழுதின யாராலயும் இந்த ரெண்டையும் சேர்த்துக் குடுக்க முடியாது. நீங்க பிந்தல. வழக்கமாப் பார்க்கிறவங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்: பில்லுல ஒரு திகதி இருக்கும், ரிசல்ட்ல ஒரு திகதி இருக்கும். நாள் எந்தத் திகதிலருந்து ஓடுதுன்னு முதல்ல பாருங்க.

பெரும்பாலும் நடக்கிறது என்னன்னா, அந்த 60 நாள் படிப்புப் பொலிசில இருக்காது. பயணச் செலவு, சாப்பாடு, லொட்ஜ் பில் இதுக்கெல்லாம் உள்ள பொதுச் செலவுப் பொலிசில இருக்கும். நீங்க பில் திகதியப் போட்டதும் சிஸ்டம் அந்தக் கணக்கப் பார்த்துத் தானாவே தள்ளிரும். அதனால எச்.ஆர்.கிட்ட படிப்புப் பொலிசியோட முழுப் பிரதியக் கேட்டு வாங்குங்க. "ரிசல்ட் வந்து இத்தன நாளுக்குள்ள"ன்னு ஒரு வரி இருந்தா, அந்த வரியக் காட்டித் திரும்பப் போடுங்க. அப்படி ஒரு வரியே இல்லைன்னா, நான் இப்ப எண்ணின கணக்க அப்படியே மெயில்ல எழுதி, உங்க மெனேஜர் மூலமா விதிவிலக்குக் கேளுங்க. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: சிஸ்டம் ஏத்துக்கணும்னு செலவுத் திகதிய ஒக்டோபர்னு மாத்திப் போடாதீங்க. பில்லோட ஒத்துப் பார்த்தா, நியாயமான கிளெய்ம் பொய்க் கிளெய்மா ஆயிரும்.

எனக்கே இது நடந்திருக்கு. அப்பல்லாம் ரிசல்ட் தபால்ல வரும். எங்க லயத்துக்குன்னு தனி விலாசம் கிடையாது, கடுதாசி தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். மழைக்காலம், யாரும் எடுத்துக் குடுக்கல, மூணு கிழமை அங்கேயே கிடந்துச்சு. அம்மா ஒருநாள் கொழுந்து நிறுத்துட்டு வர்ற வழியில வாங்கிட்டு வந்தாங்க. பாஸ். ஆனா வேலை செஞ்ச இடத்துல நாள் முடிஞ்சுன்னுட்டாங்க. பில் திகதியையும் ரிசல்ட் திகதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசணும்னு அப்ப எனக்குத் தெரியாது. அந்த மாசச் சம்பளத்துல பாதி அது.

இன்னொண்ணு, ரிசல்ட்டா எத வச்சீங்கன்னு நீங்க எழுதல. போன்ல வந்த மெசேஜோட ஸ்க்ரீன்ஷொட்ட நிறைய இடத்துல எடுக்க மாட்டாங்க. myACCA கணக்குக்குள்ள போய், உங்க பேர், பதிவு இலக்கம், பேப்பர், மார்க் எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கிறத எடுத்து வைங்க. 50 எடுத்தா பாஸ்ங்கிறது பார்க்கிற எச்.ஆர். தம்பிக்குத் தெரியாம இருக்கலாம், அதனால "பாஸ்"னு எழுதியிருக்கிற பக்கமா இருக்கட்டும். பீஸ் பவுண்ல போயிருக்கும், கிளெய்ம் ரூபாயில. ஒரு கணக்குக்கு 150 பவுண்னு வைங்க. உங்க பேங்க் 410 ரூபா போட்டு வெட்டியிருந்தா 61,500. அந்த வரி இருக்கிற கார்ட் ஸ்டேட்மன்ட்டையும் சேர்த்து வைங்க. இல்லாட்டி அவங்க கிளெய்ம் பார்க்கிற அன்னைக்கு உள்ள ரேட்டுல கணக்குப் போட்டாலும் போடுவாங்க.

நீங்க ஜூலையில கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, தங்கச்சி. "காசு கட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?" டிசம்பர் பேப்பர் எழுதுறீங்கன்னா இப்பவே கேளுங்க, ஏன்னா டிசம்பர் இன்னும் சிக்கல். ரிசல்ட் ஜனவரியில வரும். ஜனவரிலருந்து டிசம்பர் வரைக்கும் கணக்குப் பார்க்கிற கம்பனின்னா, அந்தக் காசு எந்த வருஷத்து ஒதுக்கீட்டுல போகும்னு ஒரு கேள்வி வரும். அதனால கட்டுறதுக்கு முன்னாடியே மெனேஜருக்கும் எச்.ஆருக்கும் ஒரு மெயில் போடுங்க: இந்தப் பேப்பர், இந்தத் தொகை, இன்னைக்குக் கட்டுறேன், ரிசல்ட் ஜனவரியில, நாள் கணக்க ரிசல்ட் திகதிலருந்து எண்ணுவீங்களா, எந்த வருஷத்துக் கணக்குல எடுப்பீங்க. "சரி"ன்னு வர்ற பதில பில்லோட சேர்த்து வைங்க. ஜனவரியில ரிசல்ட்டோட அந்தப் பதிலையும் இணைச்சு அனுப்புங்க.