வைவாவுக்கு ரெண்டு வாரம்: என் ஏழாவது ஸ்லைடை ஏன் மாத்துறேன்

வணக்கம் எல்லாருக்கும். ஹட்டன்ல ரெண்டு மணிக்கே பனி மூடிருச்சு, அதனால லைட்டப் போட்டுட்டுத்தான் பேசுறேன். கல்வி முதுமாணி வைவாவுக்கு ஸ்லைட் எப்படிப் போடுறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போன சனிக்கிழமை கூட படிக்கிற மூணு பேர் பரீட்சகர் மாதிரி உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டாங்க. அதுல மாட்டிக்கிட்ட இடத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல என் ஆய்வு. ஒரு தோட்டப் பாடசாலை, தரம் 4, ஏ வகுப்பு, பி வகுப்பு. ஏ வகுப்புல ஆறு வாரம் சோடி வாசிப்பு செஞ்சோம். நல்லா வாசிக்கிற புள்ளையும் தடுமாறுற புள்ளையும் பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து சத்தமா வாசிக்கணும். பி வகுப்புல வழக்கமான பாடம். முன்னும் பின்னும் 20 புள்ளிக்கு ஒரு வாசிப்பு விளக்கச் சோதனை.

எனக்கு 20 நிமிஷம், 12 ஸ்லைட். தலைப்பு, பிரச்சினை, ஆய்வு வினா, முந்தைய ஆய்வு, இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு. முறையியலுக்கு மூணு, முடிவுகளுக்கு மூணு, ஆய்வோட மட்டுப்பாடுகளுக்கு ஒண்ணு, பரிந்துரைக்கு ஒண்ணு. முதல் நாலை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருங்க. முந்தைய ஆய்வைப் பத்தி பரீட்சகர் ஆய்வேட்டுலயே படிச்சிருப்பாங்க. நேரத்தை முறையியலுக்கு வைங்க.

சரி, ஏழாவது ஸ்லைடுக்கு வருவோம். அதுல ரெண்டு வகுப்பையும் எப்படி எடுத்தேன்னு இருக்கு, சுருக்கமா ஒரு அட்டவணையும் இருக்கு. பின்சோதனை சராசரி ஏ வகுப்பு 13.0, பி வகுப்பு 9.9. வித்தியாசம் 3.1. அதைப் பெரிய எழுத்துல போட்டிருந்தேன். உடனே ஒரு அக்கா கேட்டாங்க: "முன்சோதனை எங்க?" அது பின்னிணைப்புல இருந்துச்சு. ஏ 9.1, பி 7.6. அப்ப 1.5 புள்ளி வித்தியாசம் ஆரம்பத்துலயே இருந்திருக்கு. நான் காட்டின 3.1-ல பாதி கிட்ட என் சோடி வாசிப்போட வேலையே இல்ல.

ஏன் இருந்துச்சுன்னு யோசிச்சேன். பி வகுப்புல தோட்டத்தோட மேல் டிவிஷன் புள்ளைங்க ஜாஸ்தி. மழைக்காலத்துல அவங்க நடந்து வரணும், வரவு குறையும். ஏ, பி ரெண்டும் நான் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சது இல்ல, ஏற்கனவே இருந்த வகுப்புகள். அதனால இது மெய்ப்பரிசோதனை ஆய்வு இல்ல, அரைப் பரிசோதனை ஆய்வு. அந்த வார்த்தையை ஸ்லைட்லயே எழுதிட்டேன், பரீட்சகர் கேட்கும் வரைக்கும் காத்திருக்கல.

இதுக்கு வழி அன்கோவா. முன்சோதனையைக் கணக்குல எடுத்துக்கிட்டு பின்சோதனையை ஒப்பிடுற முறை. என் தரவுல முன்சோதனையில ஒரு புள்ளி கூடின புள்ளை பின்சோதனையில சராசரியா 0.8 புள்ளி கூட எடுக்குது. அப்ப ஆரம்ப வித்தியாசமான 1.5-ஐ 0.8 ஆல பெருக்கினா 1.2. 3.1-ல 1.2 கழிச்சா 1.9. இதுதான் நான் சொல்லக்கூடிய வித்தியாசம். அன்கோவாவுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. அந்த 0.8 ரெண்டு வகுப்புலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும், வகுப்பும் முன்சோதனையும் சேர்ந்த இடைவினையைப் போட்டுப் பார்த்தா தெரியும். பார்த்தீங்களான்னு கட்டாயம் கேட்பாங்க. பார்த்த பக்கத்த நோட்டுல குறிச்சு வைங்க.

ஆனா அன்கோவாவும் ஒரு விஷயத்தச் சரி பண்ணாது. ஏ வகுப்புக்கு நான் பாடம் எடுத்தேன், பி வகுப்புக்கு வேற டீச்சர். 1.9 சோடி வாசிப்பால வந்ததா, ஆசிரியரால வந்ததான்னு ரெண்டே வகுப்ப வச்சுப் பிரிக்க முடியாது. அதனால முடிவுரையில "சோடி வாசிப்பு அடைவை உயர்த்துகிறது"ன்னு எழுதினத வெட்டிட்டு, "இந்த ரெண்டு வகுப்புல கூடுதல் முன்னேற்றத்தோடு சேர்ந்து காணப்பட்டது"ன்னு மாத்திட்டேன். அப்படி எழுத மனசு வலிச்சுது, ஆனா அதுதான் உண்மை.

இன்னொரு சின்ன சோதனை எல்லாரும் செய்யுங்க. என் அட்டவணையில டி சோதனைக்குப் பக்கத்துல `df = 48`. முறையியல்ல புள்ளைங்க 27-உம் 25-உம், மொத்தம் 52. ரெண்டு வகுப்பு ஒப்பீட்டுல மொத்தத்துல ரெண்டு கழிச்சா வர்றதுதான் `df`, அப்ப 50 வரணும். 48-னா 50 புள்ளைங்கதான் கணக்குல இருக்காங்க. தேடிப் பார்த்தா, ஏ வகுப்புல ரெண்டு புள்ளைங்க நடுவுல குடும்பத்தோட கொழும்புக்குப் போயிட்டாங்க, பின்சோதனை எழுதல. ஆய்வேட்டுல அதச் சொல்ல மறந்துட்டேன். புள்ளிவிவரம் தெரிஞ்ச பரீட்சகருக்கு அந்த ஒரு எண் போதும். இப்ப அந்த ரெண்டு பேரோட முன்சோதனைப் புள்ளியையும் தனியா எடுத்து வச்சிருக்கேன். அவங்க பலவீனமான புள்ளைங்களா இருந்தா, அவங்க போனதாலயே ஏ வகுப்பு சராசரி ஏறியிருக்கலாம்னு கேட்பாங்க.

நோட்டு எப்படின்னா, ஒரு கேள்விக்கு ஒரு அட்டை. மேல கேள்வி, கீழ ரெண்டு வாக்கியத்துல பதில், ஓரத்துல ஆய்வேட்டுப் பக்க எண். எனக்கு இப்ப 14 அட்டை சேர்ந்திருக்கு. "அந்த டீச்சர் பி வகுப்புல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"ங்கிற அட்டைல மட்டும் பதில் இன்னும் எழுதல. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போய் அவங்க பாடக்குறிப்புப் புத்தகத்தக் கேட்டுப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.